காப்பீட்டு நிறுவனம் நொடித்தால் பாலிசி என்னவாகும்?

2023 ஜூன் 2 அன்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு முடிவை அறிவித்தது. சஹாரா இந்தியா லைஃப் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் சுமார் இரண்டு லட்சம் பாலிசிகளை, அவற்றுக்கு ஈடாக இருக்கும் சொத்துகளோடு சேர்த்து எஸ்.பி.ஐ. லைஃப் உடனடியாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அந்த முடிவு. பாலிசிதாரர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லத் தனிப் பிரிவு அமைக்கும்படியும் எஸ்.பி.ஐ. லைஃபிடம் சொல்லப்பட்டது. பதினொரு நாளில், ஜூன் 13 அன்று, பங்கு பரிவர்த்தனை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஆணைக்குத் தடை விதித்தது. தாங்கள் இனி யாருடைய பாலிசிதாரர் என்ற கேள்விக்கு இரண்டே வாரத்தில் இரண்டு விடைகள் அந்த இரண்டு லட்சம் பேருக்கும் கிடைத்தன.

காப்பீட்டு நிறுவனம் ஒன்று தள்ளாடும்போது இந்தியாவில் என்ன நடக்கிறது என்பதை அறிய இதைவிடத் தெளிவான நிகழ்வு வேறில்லை. ஒழுங்குமுறை ஆணையம் எவ்வளவு முன்னதாகக் கை வைக்க முடியும், எங்கே அதன் கை கட்டப்படுகிறது, பாலிசிதாரருக்கு உண்மையில் எது பாதுகாப்பு என்ற மூன்றையும் இந்த ஒரு வழக்கிலேயே பார்த்துவிடலாம்.

வங்கி வேறு, காப்பீடு வேறு

வங்கி மூடப்பட்டால் வாடிக்கையாளருக்கு வேண்டியது அவர் போட்ட பணம். அதற்கு டெபாசிட் காப்பீட்டுக் கழகம் இருக்கிறது. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அது ஈடு தரும். பணம் கைக்கு வந்தால் அவர் மறுநாளே வேறு வங்கியில் கணக்குத் தொடங்கலாம். அவருக்கு வேறு இழப்பு இல்லை.

ஆயுள் காப்பீட்டில் பணத்தைத் திருப்பித் தருவது மட்டும் போதாது. முப்பது வயதில் பாலிசி எடுத்த ஒருவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை நோய், ஒருமுறை இதயச் சிகிச்சையும் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டிய பிரீமியம் முழுவதையும் கையில் கொடுத்தாலும் பழைய விலையில் அதே பாதுகாப்பை அவரால் வாங்க முடியாது. பல நிறுவனங்கள் அவருக்குப் பாலிசி தரவே மறுக்கும். அவருக்கு அந்த ஒப்பந்தம் தொடர்ந்து நடக்க வேண்டும். அதனால்தான் உலகம் முழுவதும் காப்பீட்டு ஒழுங்குமுறையாளர்கள் நிறுவனத்தைக் கலைத்துப் பணத்தைப் பங்கிடுவதைக் கடைசி வழியாக வைத்திருக்கிறார்கள். நலிந்த நிறுவனத்திடமிருந்து பாலிசிகளைப் பிரித்தெடுத்து நல்ல நிலையில் இருக்கும் நிறுவனத்திடம் ஒப்படைப்பதே அவர்கள் முதலில் தேடும் வழி.

அப்படி ஒப்படைக்க ஒரு நிபந்தனை உண்டு. ஏற்றுக்கொள்ளும் நிறுவனம் பாலிசிகளோடு கடன்சுமையையும் சேர்த்து வாங்குகிறது. நாளை தர வேண்டிய முதிர்வுத் தொகைக்கும் இறப்புத் தொகைக்கும் ஈடான சொத்து இன்று கூடவே வந்தால்தான் அது தலையசைக்கும். சொத்து கரைந்த பிறகு கேட்டால் யாரும் முன்வர மாட்டார்கள். ஆகவே மொத்தக் கேள்வியும் நேரத்தைப் பற்றியது. பணம் இருக்கும்போதே ஆணையம் தலையிட்டதா, பணம் போன பிறகு வந்ததா என்பதை வைத்துத்தான் பாலிசிதாரரின் கதி முடிவாகிறது.

1956-க்கு முந்தைய பாடம்

இந்தியாவில் இந்தப் பாடம் பெரும் விலை கொடுத்துக் கற்கப்பட்டது. 1956 ஜனவரி 19 அன்று ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு கையகப்படுத்தியபோது 154 இந்திய நிறுவனங்கள், 16 வெளிநாட்டு நிறுவனங்கள், 75 பிராவிடன்ட் சங்கங்கள் என மொத்தம் 245 அமைப்புகள் அதன் கைக்கு வந்தன. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் மட்டும் 25 ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் கலைக்கப்பட்டிருந்தன என்று அன்றைய நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் சுட்டிக்காட்டினார். இன்னும் 25 நிறுவனங்கள் தங்கள் வளத்தை வீணடித்துவிட்டதால், பாலிசிதாரர்கள் நஷ்டப்பட்டு வேறு நிறுவனங்களுக்கு மாற்றப்பட நேர்ந்தது என்றும் அவர் சொன்னார்.

அந்தச் சரிவுகளில் பலவற்றுக்குக் காரணம் ஒரே வகையானது. காப்பீட்டு நிறுவனத்தில் சேரும் பிரீமியம் பணம் முதலாளியின் மற்றத் தொழில்களுக்குத் திருப்பிவிடப்பட்டது. ராமகிருஷ்ண டால்மியாவின் கையிலிருந்த பாரத் இன்ஷூரன்ஸ் விவகாரத்தை 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுப்பினார். அந்தப் பேச்சு நாட்டுடைமை முடிவுக்கு வேகம் கொடுத்தது. 1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது.

எல்.ஐ.சி. சட்டத்தின் 37-ஆவது பிரிவு, அதன் பாலிசிகளின் காப்பீட்டுத் தொகைக்கும் அறிவிக்கப்பட்ட போனசுக்கும் மத்திய அரசின் உத்தரவாதம் உண்டு என்கிறது. பங்குச் சந்தையில் 2022-ல் எல்.ஐ.சி. பட்டியலிடப்பட்ட பிறகும் அந்தப் பிரிவு நீடிக்கிறது. 2000-க்குப் பிறகு வந்த தனியார் நிறுவனங்களின் பாலிசிகளுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. அவற்றின் பாலிசிதாரர்களைக் காக்க வேண்டிய கடமை சட்டத்தின் வேலிகளுக்கும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் வந்து சேர்ந்தது.

சரிவுக்கு முன்பே ஒலிக்கும் மணி

முதல் வேலி, பணத்தைப் பிரித்து வைப்பது. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 10-ஆவது பிரிவின்படி ஆயுள் காப்பீட்டு நிதி தனியாக வைக்கப்பட வேண்டும். அது ஆயுள் பாலிசிதாரர்களுக்கே முழுப் பிணை. நிறுவனத்தின் வேறு கடன்களுக்காக அதில் கை வைக்க முடியாது. அந்த நிதியில் பாதியையாவது அரசுக் கடன்பத்திரங்களிலும் அங்கீகரிக்கப்பட்ட பத்திரங்களிலும் முதலீடு செய்ய வேண்டும் என்ற விதியும் உண்டு. முதலாளி தன் விருப்பப்படி பணத்தைச் சுழற்றும் வழியை அடைக்கவே இவை வந்தன.

இரண்டாவது வேலி சால்வன்சி விகிதம். கடனைத் தீர்க்கும் திறனை அளக்கும் கணக்கு இது. ஒரு சிறு எடுத்துக்காட்டில் இதைப் புரிந்துகொள்ளலாம். ஒரு நிறுவனம் பாலிசிதாரர்களுக்கு எதிர்காலத்தில் தர வேண்டியவற்றின் இன்றைய மதிப்பு 1,000 கோடி ரூபாய் என்று அதன் ஆக்சுவரி கணக்கிடுகிறார். நிறுவனத்திடம் 1,120 கோடி ரூபாய்க்குச் சொத்து இருக்கிறது. உபரி 120 கோடி. அந்த நிறுவனம் செய்யும் தொழிலின் அளவுக்கு விதிப்படி 60 கோடி உபரி தேவை என்றால், அதன் சால்வன்சி விகிதம் 2, அதாவது 200 சதவீதம். இந்தியாவில் இது 150 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

இப்போது அதன் முதலீடுகளில் 40 கோடி ரூபாய் கரைந்துவிட்டது என்று கொள்வோம். உபரி 80 கோடியாகிறது. விகிதம் 133 சதவீதத்துக்கு இறங்குகிறது. விதி மீறப்பட்டுவிட்டது, ஆணையம் உள்ளே வர வேண்டும். ஆனால் அந்த நேரத்திலும் ஒவ்வொரு பாலிசிக்கும் முழுப் பணம் இருக்கிறது, அதற்கு மேலும் 80 கோடி இருக்கிறது. சால்வன்சி விகிதத்தின் நோக்கமே இதுதான். பணம் தீர்ந்த பிறகல்ல, தீர்வதற்கு வெகு முன்பே அது ஆணையத்தை எழுப்புகிறது. அதன் பிறகு கூடுதல் மூலதனம் கொண்டுவரச் சொல்லலாம், புதிய பாலிசி விற்பதை நிறுத்தச் சொல்லலாம், நிறுவனத்தை வேறு கைக்கு மாற்றலாம்.

இந்தக் கணக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. சொத்தின் மதிப்பும் கடனின் மதிப்பும் சரியாகக் கணக்கிடப்பட்டால்தான் விகிதம் உண்மை பேசும். திரும்பி வராத பணத்தை வரவேண்டிய பாக்கி என்று ஏட்டில் வைத்திருந்தாலோ, எதிர்கால கிளெய்ம்களைக் குறைத்து மதிப்பிட்டிருந்தாலோ விகிதம் நன்றாகத் தெரியும், நிறுவனம் உள்ளே அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அதனால் சால்வன்சி எண்ணோடு நிறுத்தாமல், உரிமையாளர் தகுதியானவரா, பணம் குழும நிறுவனங்களுக்குப் போகிறதா என்பதையும் ஆணையம் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேகமாக முடிந்த ஒன்று

மணி ஒலித்ததும் காரியம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு 2019-ல் நடந்த ரிலையன்ஸ் ஹெல்த் இன்ஷூரன்ஸ் விவகாரம் நல்ல சான்று. 2018-ன் பிற்பகுதியில்தான் அந்த நிறுவனம் தொழிலைத் தொடங்கியது. 2019 ஜூன் முடிவில் அதன் சால்வன்சி 106 சதவீதமாக இருந்தது. செப்டம்பர் முடிவில் அது 63 சதவீதத்துக்குச் சரிந்தது. 100-க்குக் கீழே என்றால் தேவையான உபரிகூட முழுதாக இல்லை என்று பொருள்.

நவம்பரில் ஆணையம் ஆணையிட்டது. புதிய பாலிசி விற்பதை அந்த நிறுவனம் நிறுத்த வேண்டும், இருக்கும் பாலிசிகளின் பொறுப்பை முழுவதுமாக, அவற்றுக்கு ஈடான நிதிச் சொத்துகளோடு, நவம்பர் 15 முதல் ரிலையன்ஸ் ஜெனரல் இன்ஷூரன்ஸுக்கு மாற்ற வேண்டும், கிளெய்ம்களை இனி அந்த நிறுவனமே தீர்க்கும். மருத்துவமனையில் இருந்த நோயாளிக்கு மாறியது கிளெய்ம் படிவத்தின் தலைப்பிலுள்ள பெயர் மட்டுமே.

வேகத்துக்குக் காரணங்கள் இருந்தன. நிறுவனம் சிறியது, தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. பாலிசிகளின் காலம் குறுகியது. ஏற்றுக்கொள்ளும் நிறுவனம் அதே குழுமத்தைச் சேர்ந்தது. இவை எதுவும் சஹாரா லைஃபுக்குப் பொருந்தவில்லை.

ஆறு ஆண்டுகள் இழுத்த ஒன்று

சஹாரா இந்தியா லைஃப் 2004-ல் உரிமம் பெற்றது. வெளிநாட்டுக் கூட்டாளி இல்லாமல், முழுக்க இந்தியர் மூலதனத்தில் தனியார் துறையில் வந்த முதல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அது. 2017 ஜூன் 12 அன்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அதன் நிர்வாகத்தைக் கையிலெடுத்து, தன் அதிகாரி ஒருவரையே நிர்வாகியாக நியமித்தது. அதே மாதம் 23-ஆம் தேதி புதிய பாலிசி விண்ணப்பங்களை வாங்கக் கூடாது என்று தடை விதித்தது. செக்யூரிட்டி டெபாசிட் என்ற பெயரில் சுமார் 78 கோடி ரூபாய் நிறுவனத்திலிருந்து வெளியே போயிருக்கிறது என்றும், உரிமையாளர் தரப்பு காப்பீட்டுத் தொழில் நடத்தத் தகுதியானது அல்ல என்றும் ஆணையம் கருதியது.

நிர்வாகியை நியமிக்கும் அதிகாரம் காப்பீட்டுச் சட்டத்தின் 52ஏ பிரிவிலிருந்து வருகிறது. ஆயுள் பாலிசிதாரர்களின் நலனுக்குக் கேடாக ஒரு நிறுவனம் நடந்துகொள்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், அந்த நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தந்துவிட்டு, ஆணையம் நிர்வாகியை அமர்த்தலாம். அடுத்த பிரிவான 52பி நிர்வாகி என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. பாலிசிதாரர்களுக்கு எது மிக நல்லது என்று ஆராய்ந்து அவர் அறிக்கை தர வேண்டும். தொழிலை வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம், அதே நிறுவனம் தொடர்ந்து நடத்தலாம், கலைத்துவிடலாம் என்ற வழிகளை அந்தப் பிரிவு அடுக்குகிறது.

நிர்வாகியின் அறிக்கைக்குப் பிறகு 2017 ஜூலை 28 அன்று சஹாரா லைஃபின் தொழிலை ஐ.சி.ஐ.சி.ஐ. புருடென்ஷியல் லைஃபுக்கு மாற்ற ஆணையம் உத்தரவிட்டது. நிர்வாகி வந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. சஹாரா தரப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2018 ஜனவரியில் தீர்ப்பாயம் அந்த ஆணையை ரத்து செய்தது. காரியம் தொடக்கத்துக்கே திரும்பியது.

அதன் பிறகு நடந்ததைக் காப்பீட்டுத் தொழிலின் இயல்பிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். புதிய பாலிசி விற்க அனுமதி இல்லை. பழைய பாலிசிகள் முதிர்ந்தும், காலாவதியாகியும், கிளெய்மில் முடிந்தும் ஆண்டுக்காண்டு குறைகின்றன. பிரீமியம் வரவு சுருங்குகிறது. ஆனால் கணினி, அலுவலகம், ஊழியர், தணிக்கை ஆகியவற்றின் செலவு அதே வேகத்தில் குறைவதில்லை. பத்து லட்சம் பாலிசிகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய செலவை இரண்டு லட்சம் பாலிசிகள் சுமக்க வேண்டி வந்தால் நஷ்டம் நிச்சயம். 2023-ல் ஆணையம் கொடுத்த விளக்கம் இதையேதான் சொன்னது. நஷ்டம் தொடர்கிறது, வரும் பிரீமியத்தோடு ஒப்பிட்டால் கிளெய்ம்களின் பங்கு உயர்ந்துவருகிறது, இப்படியே விட்டால் மூலதனம் அரித்துப்போய்ப் பாலிசிதாரர்களுக்குத் தர வேண்டியதைத் தர முடியாத நிலை வரலாம் என்பதே ஆணையத்தின் வாதம்.

அதாவது 2017-ல் உரிமையாளரின் நடத்தை பற்றிய பிரச்சினையாகத் தொடங்கியது, ஆறு ஆண்டுகள் இழுத்ததாலேயே பணப் பிரச்சினையாகவும் வளர்ந்தது. நிறுவனத்தின் உரிமையாளர் நீதி கேட்டு முறையிடுவது அவர் உரிமை. அந்த உரிமையை மறுக்க முடியாது. ஆனால் அந்த வழக்கின் காலம் முழுவதும் கரைந்துகொண்டிருந்தது பாலிசிதாரர்களைக் காக்கும் உபரி. அந்த வழக்கில் பாலிசிதாரர் ஒரு தரப்புகூட அல்ல.

'குறைந்த தொகைக்கு' என்ற இரண்டு சொற்கள்

நேரத்தில் மாற்றம் நடக்காமல் சொத்து உண்மையிலேயே போதாமல் போனால் என்ன ஆகும்? சட்டம் அதற்கும் இடம் வைத்திருக்கிறது. நிர்வாகி பரிந்துரைக்கக்கூடிய வழிகளில் ஒன்று, தொழிலைத் தொடர்வது. பாலிசிகளை முழுக் காப்பீட்டுத் தொகைக்கும் போனசுக்கும் தொடரலாம், அல்லது குறைந்த தொகைக்குத் தொடரலாம் என்று 52பி சொல்கிறது. நிறுவனம் கலைக்கப்படும் நிலையில் காப்பீட்டு ஒப்பந்தங்களின் தொகையைக் குறைக்கும் அதிகாரம் 61-ஆவது பிரிவின்படி தீர்ப்பாயத்துக்கு உண்டு. பத்து லட்சத்துக்கு எடுத்த பாலிசி எட்டு லட்சத்துக்கோ ஏழு லட்சத்துக்கோ சுருங்கலாம் என்பதே இதன் பொருள். பெரும்பாலான பாலிசிதாரர்கள் இப்படி ஒரு பிரிவு இருப்பதை அறிய மாட்டார்கள்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை ஜப்பான் காட்டியது. 1980-களில் அங்கே ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் 5.5 சதவீதம் போன்ற வட்டிக்கு உறுதி கொடுத்துச் சேமிப்புப் பாலிசிகளை விற்றன. 1990-களில் நாட்டின் வட்டி விகிதம் சுழியத்தை நெருங்கியது. நிறுவனங்கள் இரண்டு சதவீதம் சம்பாதித்துவிட்டு ஐந்தரை சதவீதம் தர வேண்டியிருந்தது. இங்கே யாரும் பணத்தைத் திருடவில்லை. நல்ல காலத்தில் கொடுத்த வாக்குறுதியே நிறுவனத்தை விழுங்கியது. 1997 ஏப்ரலில் நிசான் மியூச்சுவல் விழுந்தது. போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்று விழுந்தது அதுவே முதல் முறை. 2001-க்குள் இன்னும் ஆறு நிறுவனங்கள் தொடர்ந்தன.

2000 அக்டோபரில் விழுந்த சியோடா நிறுவனத்தின் பாலிசிகள் நிறுத்தப்படவில்லை, புதிய உரிமையாளரிடம் மாறின. ஆனால் ஒவ்வொரு பாலிசிக்கும் அதுவரை சேர்ந்திருந்த கையிருப்பில் 10 சதவீதம் வெட்டப்பட்டது. உறுதியளித்த வட்டி 1.5 சதவீதத்துக்குக் குறைக்கப்பட்டது. இரண்டாவது வெட்டுதான் ஆழமானது. இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் ஓட வேண்டிய பாலிசியில் வட்டி குறைந்தால் கடைசியில் கிடைக்கும் தொகை பல மடங்கு வேகத்தில் சுருங்குகிறது. ஓய்வூதியப் பாலிசியும் நீண்ட காலச் சேமிப்புப் பாலிசியும் வைத்திருந்தவர்கள் அதிகம் இழந்தார்கள். இறப்புக்கு மட்டும் தொகை தரும் டேர்ம் பாலிசி வைத்திருந்தவர்களுக்கு இழப்பு மிகக் குறைவு, ஏனென்றால் அதில் சேமிப்பே கிடையாது.

பயந்து உடனே சரண்டர் செய்தவர்களுக்கு இன்னொரு அடி காத்திருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறினால் சொத்துகளை வந்த விலைக்கு விற்க நேரும், பாலிசிகளை ஏற்ற நிறுவனமும் சேர்ந்து விழும். ஆகவே சில ஆண்டுகளுக்குச் சரண்டர் தொகையிலிருந்து கூடுதல் கழிவு எடுக்கப்பட்டது. பொறுத்திருந்தவரை விட அவசரப்பட்டவர் அதிகம் இழந்தார்.

இப்படி நிறுவனங்கள் விழும்போது கையிருப்பில் 90 சதவீதம் வரை காக்க, 1998 டிசம்பரில் ஜப்பான் பாலிசிதாரர் பாதுகாப்புக் கழகத்தைத் தொடங்கியிருந்தது. எல்லா ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களும் அதில் பணம் கட்டுகின்றன. பிரிட்டனில் 1971-ல் வெஹிக்கிள் அண்ட் ஜெனரல் என்ற மோட்டார் காப்பீட்டு நிறுவனம் விழுந்து சுமார் பத்து லட்சம் வாகன ஓட்டிகள் ஒரே நாளில் காப்பீடு இல்லாமல் நின்றார்கள். அதன் பிறகு 1975-ல் அங்கே பாலிசிதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இப்படிப்பட்ட உத்தரவாத அமைப்பு இருக்கிறது.

இந்தியாவில் அப்படி ஒரு நிதி இல்லை. வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய்ப் பாதுகாப்பு போன்ற எதுவும் தனியார் ஆயுள் பாலிசிக்குக் கிடையாது. காப்பீட்டு நிறுவனங்கள் நிதிச் சேவை நிறுவனங்கள் என்பதால் 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் வழக்கமான நடைமுறையும் அவற்றுக்குப் பொருந்தாது. 2017 ஆகஸ்டில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட நிதித் தீர்வு, வைப்புக் காப்பீட்டு மசோதா வங்கிகளோடு காப்பீட்டு நிறுவனங்களையும் ஒரே தீர்வுக் கழகத்தின் கீழ் கொண்டுவர முயன்றது. வங்கி டெபாசிட்டுகளைக் கொண்டே வங்கியின் நஷ்டத்தை ஈடுகட்டலாம் என்ற பிரிவு மக்களிடையே பெரும் அச்சத்தைக் கிளப்பியது. 2018 ஆகஸ்டில் மசோதா திரும்பப் பெறப்பட்டது. அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதோடு சேர்ந்து காப்பீட்டு நிறுவனங்களுக்கான தனித் தீர்வு நடைமுறையும் போய்விட்டது. சஹாரா லைஃப் வழக்கு இழுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை.

அரசே உரிமையாளர் ஆனால்

பொதுக் காப்பீட்டில் நிலைமை சற்று வேறு. மோட்டார், மருத்துவம், தீ விபத்துப் பாலிசிகள் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தங்கள். நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த புதுப்பிப்பில் மாறலாம். மருத்துவக் காப்பீட்டில் காத்திருப்புக் காலத்தின் பலனை இழக்காமலே வேறு நிறுவனத்துக்கு மாறும் போர்ட்டபிலிட்டி வசதியும் 2011 முதல் இருக்கிறது. ஆனால் விபத்து நடந்து நீதிமன்றத்தில் பல ஆண்டுகளாக நிற்கும் மோட்டார் இழப்பீட்டு வழக்குகளுக்கு இந்த வசதி உதவாது. அந்தப் பணத்தைத் தர வேண்டியது விபத்து நடந்தபோது இருந்த நிறுவனமே.

இங்கேதான் பொதுத்துறை நிறுவனங்களின் நிலை கவலை தருகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா, கொல்கத்தாவின் நேஷனல், டெல்லியின் ஓரியண்டல் ஆகிய மூன்றும் பல ஆண்டுகளாக 150 சதவீத வரம்புக்குக் கீழே இருந்துவந்தன. 2019-20 முதல் 2021-22 வரை மத்திய அரசு இந்த மூன்றுக்கும் சேர்த்து 17,450 கோடி ரூபாய் மூலதனம் கொடுத்தது. அப்படியும் 2024 மார்ச் முடிவில் மூன்றின் சால்வன்சியும் சுழியத்துக்குக் கீழே இருந்தது.

ரிலையன்ஸ் ஹெல்த்தின் விகிதம் 63 சதவீதமானதும் புதிய விற்பனைக்குத் தடை வந்தது. இந்த மூன்று நிறுவனங்களோ தொடர்ந்து பாலிசி விற்றன. எல்.ஐ.சி.க்கு இருப்பது போன்ற வெளிப்படையான சட்ட உத்தரவாதம் இவற்றுக்கு இல்லை. அரசு கைவிடாது என்ற நம்பிக்கைதான் இவற்றின் பாலிசிதாரருக்குப் பிணை. அந்த நம்பிக்கை இதுவரை பொய்க்கவில்லை. ஆனாலும் ஒரே விதி இரண்டு விதமாகப் பயன்படுத்தப்படும்போது மற்ற நிறுவனங்களிடம் அதே விதியைக் கண்டிப்பாகக் கேட்கும் ஆணையத்தின் தார்மீக பலம் குறைகிறது.

பாலிசிதாரர் கையில் இருப்பவை

ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் காலாண்டுதோறும் தன் இணையதளத்தில் 'பப்ளிக் டிஸ்க்ளோஷர்' என்ற தலைப்பில் கணக்குகளை வெளியிட வேண்டும். அதில் சால்வன்சி விகிதம் இருக்கும். ஒரு காலாண்டின் எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். 220-லிருந்து 190, 170, 155 என்று தொடர்ந்து இறங்கிவரும் நிறுவனம், 160-ல் நிலையாக நிற்கும் நிறுவனத்தைவிட ஆபத்தானது. புதிய பாலிசி விற்பனை ஆண்டுக்காண்டு குறைவதும், பிரீமியம் வரவைவிடக் கிளெய்மும் சரண்டரும் அதிகமாவதும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

நிறுவனத்துக்கு நிர்வாகி வந்துவிட்டார் என்ற செய்தி வந்தால் முதலில் செய்யக்கூடாதது பிரீமியத்தை நிறுத்துவது. சலுகைக் காலத்துக்குள் கட்டாவிட்டால் பாலிசி காலாவதியாகும். நிறுவனம் வேறு கைக்கு மாறும்போது உயிரோடு இருக்கும் பாலிசிக்கே முழுப் பலன் கிடைக்கும். இரண்டாவது, அவசரத்தில் சரண்டர் செய்வது. சாதாரண நாளிலேயே சரண்டரில் இழப்பு உண்டு, நெருக்கடி நேரத்தில் அது இன்னும் கூடலாம். யூலிப் பாலிசி வைத்திருப்பவரின் யூனிட்டுகளுக்கு ஈடான முதலீடுகள் தனியாக வைக்கப்படுகின்றன. அவற்றின் மதிப்பு சந்தையோடு ஏறி இறங்கும், நிறுவனத்தின் நஷ்டத்தோடு நேரடியாக இறங்குவதில்லை. பாலிசிப் பத்திரம், பிரீமியம் ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், நாமினி பதிவு ஆகியவற்றைச் சரிபார்த்து வைப்பது பயனுள்ள வேலை. பாலிசி இன்னொரு நிறுவனத்துக்கு மாறும்போது பழைய ஏடுகளில் விடுபட்ட தகவலால்தான் கிளெய்ம்கள் சிக்குகின்றன.

இவற்றுக்கு மேல் தனி மனிதர் செய்யக்கூடியது அதிகமில்லை. முப்பது ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஒருவர், அந்த நிறுவனம் முப்பது ஆண்டுகள் நிற்குமா என்று கணிக்க முடியாது. அதைக் கண்காணிக்கத்தான் ஆணையம் இருக்கிறது. அந்த ஆணையத்துக்கு இப்போது இரண்டு கருவிகள் குறைவாக இருக்கின்றன. ஒன்று, ஜப்பானும் பிரிட்டனும் வைத்திருப்பது போல நிறுவனங்களே பங்களித்து உருவாக்கும் பாதுகாப்பு நிதி. மாற்றும்போது சொத்தில் பத்து, பதினைந்து சதவீதப் பள்ளம் இருந்தால் அதை அந்த நிதி நிரப்பும், ஏற்றுக்கொள்ளும் நிறுவனமும் தயங்காது. இரண்டு, கால வரம்பு. நிர்வாகி வந்த நாளிலிருந்து உரிமையாளரின் முறையீட்டைக் கேட்டு முடிப்பதற்குச் சில மாதங்கள் என்று சட்டமே எல்லை வகுக்க வேண்டும். உரிமையாளருக்கு இழப்பு நேர்ந்திருந்தால் அதற்கான ஈட்டைப் பிறகு பணமாக முடிவு செய்யலாம், பாலிசிகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டும் 2017-ல் இருந்திருந்தால், சஹாரா லைஃபின் பாலிசிதாரர்கள் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தங்கள் பிரீமியத்தை எங்கே கட்டுவது என்று தெரிந்துகொண்டிருப்பார்கள்.